டிரையர் ஏன் நின்றது? ரிப்பேர்ப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்

(தொழிற்சாலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலைக் கமிட்டி சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



எங்கள் தொழிற்சாலையில் மூன்று மாதத்து மெஷின் ரிப்பேர்ப் புத்தகத்தை எடுத்து, அதை ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதித் தோட்ட முகாமையாளரிடம் கொடுத்தோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே தடுமாறினோம், அதனால் என்ன நடந்தது என்று சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். இங்கே மடுவத்தில் கொழுந்து நிறுப்பவர்களும் இருக்கிறீர்கள், மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாமாரும் இருக்கிறீர்கள். தொழிற்சாலைக்குள் நடக்கும் சங்கதி நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதை உங்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு வாரம் கொழும்பு ஏலத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைக்கு விலை இறங்கியது. சுவையில் உயிர் இல்லை என்று தரகர் அறிக்கை வந்தது. மறுநாள் காலையில் மலையில் கங்காணிமார், "கொழுந்து முற்றிப்போய் வருகிறது, பார்த்து எடுங்கள்" என்று பெண்களைச் சத்தம் போட்டார்கள். அதே நாள் மாலையில் தொழிற்சாலைக்குள், "இரவு வேலைக்காரர்கள் டிரையரைக் கவனிப்பதில்லை" என்று எங்களைச் சத்தம் போட்டார்கள். அதோடு இன்னொரு பேச்சும் வந்தது. டிரையருக்குக் கொடுத்த பெல்ட்டுகள் கணக்கில் குறைகின்றன, யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். நேராகத் திருடர் என்று சொல்லவில்லை. சொல்லாமல் சொன்னார்கள்.

எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் கமிட்டியில் உட்கார்ந்து பேசியபோது, பதில் சொல்ல எங்கள் கையில் எதுவும் இல்லை என்பது தெரிந்தது. "டிரையர் அடிக்கடி நிற்கிறது" என்றோம். "எத்தனை தடவை?" என்று கேட்டால் ஒருவர் நான்கு என்றார், ஒருவர் பதினைந்து என்றார். அப்போதுதான் பிட்டர் அண்ணன், "எல்லாம் புத்தகத்தில் எழுதித்தானே வைத்திருக்கிறோம், அதை எடுத்துப் பார்ப்போம்" என்றார். தொழிற்சாலை அதிகாரியிடம் கேட்டோம். புத்தகத்தை வெளியே கொண்டு போகக்கூடாது, அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். மூன்று மாலை உட்கார்ந்தோம்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெஷின் நின்றால் யார் கையில் பேனா கிடைக்கிறதோ அவர் எழுதுவார். நான்கு பேர் கையெழுத்து, சிலது தமிழில், சிலது சிங்களத்தில், சிலது பாதி ஆங்கிலத்தில். மூன்று மாதத்தில் 64 பதிவுகள் இருந்தன. அந்த 64ஐயும் அப்படியே முகாமையாளர் முன்னால் வைத்தால் அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்களும் அதைத்தான் செய்திருப்போம்.

முதலில் 64 பதிவுகளையும் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதினோம். ஒரு பதிவுக்கு ஒரு வரி. நாள், மெஷின், நின்ற நேரம், ஓடிய நேரம், என்ன பழுது, என்ன சாமான் போட்டது. புத்தகத்தில் இல்லாததை நாங்களாக நிரப்பவில்லை. நேரம் எழுதாமல் விட்டிருந்தால் அங்கே ஒரு கோடு போட்டு வைத்தோம்.

பிறகு அவற்றை மூன்றாகப் பிரித்தோம். 11 பதிவுகள் கரண்ட் கட்டானதால் மெஷின்கள் நின்றவை. 14 பதிவுகள் கிறீஸ் போட்டது, தட்டுகளைச் சுத்தம் செய்தது போன்ற வழக்கமான வேலைகள். மீதி 39தான் உண்மையான பழுதுகள். இப்படிப் பிரிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். கரண்ட் கட்டானதற்கு டிரையரைக் குற்றம் சொல்வதாகிவிடும். ஒழுங்காகக் கிறீஸ் போட்டு அதை எழுதி வைக்கும் மெஷின்தான் அதிகம் பழுதாகும் மெஷின் என்றும் வந்துவிடும்.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. எங்களுடையது இரண்டு டிரையர் உள்ள தொழிற்சாலை. முதலாம் டிரையரின் சூட்டுக் காற்றை இழுத்துத் தள்ளும் பெரிய விசிறிக்கு மோட்டாரிலிருந்து மூன்று பெல்ட்டுகள் பக்கம் பக்கமாக ஓடும். புத்தகத்தில் அதைப் பற்றி ஒருவர் "பெல்ட் அறுந்தது" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "வார் போனது" என்று எழுதியிருந்தார். ஒருவர் "பேன் நின்றது" என்று மட்டும் எழுதியிருந்தார். வேறொரு நாள் "ரப்பர் வாடை, புகை" என்று இருந்தது. இன்னொரு நாள் "சூடு குறைவு" என்று இருந்தது. "பெயாரிங் சூடு" என்று இரண்டு இடத்தில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தடவை, இரண்டு தடவை வந்த சின்னப் பழுது. ஆனால் எல்லாம் ஒரே விசிறியில் நடந்தவை.

எழுதியவர்களையே கூப்பிட்டுக் கேட்டோம். "பேன் நின்றது" என்று எழுதிய தம்பி, அன்றைக்குப் பெல்ட்தான் அறுந்தது, அவசரத்தில் அப்படி எழுதினேன் என்றார். "சூடு குறைவு" என்று எழுதிய நாளில் பெல்ட் வழுக்கி விசிறி மெதுவாகச் சுற்றியிருக்கிறது. ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். மெஷினின் எந்த உறுப்பு என்று முதலில் எழுத வேண்டும், அதற்கு என்ன நேர்ந்தது என்று பிறகு எழுத வேண்டும். அந்த விதிப்படி மாற்றி எழுதியதும் அந்த ஒரு விசிறியின் கணக்கில் 9 பழுதுகள் வந்தன. பெல்ட் அறுந்தது 5 தடவை, வழுக்கியது 2 தடவை, பெயாரிங் சூடானது 2 தடவை. மீதி 30இல் வாட்டும் தொட்டி விசிறி மோட்டார் நின்றது 5, சல்லடை வலை கிழிந்தது 4, மற்ற 21உம் இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தவை.

இனி நேரத்துக்கு வருவோம். மெஷின் நின்ற நேரத்தையும் மறுபடி ஓடிய நேரத்தையும் கழித்தால் எவ்வளவு நேரம் நின்றது என்று வந்துவிடும் என்று நினைத்தோம். அந்த விசிறிக்கு மட்டும் மூன்று மாதத்தில் 12 மணி 20 நிமிடம் வந்தது. ஆனால் வரிகளைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. பெல்ட் அறுந்த ஐந்து தடவையில் பகலில் நடந்த இரண்டையும் 35, 40 நிமிடத்தில் மாற்றியிருக்கிறார்கள். இரவில் நடந்த மூன்றுக்கும் 2 மணி 10 நிமிடம், 1 மணி 55 நிமிடம், 2 மணி 25 நிமிடம் என்று போயிருக்கிறது. அதே பெல்ட், அதே விசிறி, அதே பிட்டர். இரவில் மட்டும் ஏன் மூன்று மடங்கு நேரம்?

முகாமையாளருக்கு இதற்குப் பதில் ஏற்கெனவே தெரியும், இரவுக்காரர்கள் தூங்குகிறார்கள் என்று. எங்களுக்கும் ஒரு பதில் தெரியும், சாமான் அறைச் சாவி இரவில் தொழிற்சாலையில் இருப்பதில்லை என்று. ஆனால் ரிப்பேர்ப் புத்தகத்தில் அது இல்லை. காவல்காரரின் சாவிப் புத்தகத்தில் இருந்தது. சாவி கொடுத்த நேரம், வாங்கிய நேரம், கையெழுத்து எல்லாம் அதில் உண்டு. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்த மூன்று இரவிலும் விசிறி நின்றதிலிருந்து சாமான் அறைச் சாவி கைக்கு வரும்வரை 1 மணி 20 நிமிடம், 1 மணி 10 நிமிடம், 1 மணி 40 நிமிடம் போயிருக்கிறது. பொறுப்பாளரின் குவார்ட்டஸ் வரை ஆள் போய், அவரை எழுப்பி, சாவி வாங்கி வர ஆன நேரம் அது. சாவி வந்த பிறகு பெல்ட் மாற்ற 50, 45, 45 நிமிடம்தான். மூன்று இரவிலும் சேர்த்து 6 மணி 30 நிமிடம் நின்றதில், 4 மணி 10 நிமிடம் சாவிக்காகக் காத்திருந்த நேரம்.

ஆகவே நின்ற நேரத்தை எப்போதும் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். காத்திருந்த நேரம் ஒன்று, கை வைத்து வேலை செய்த நேரம் ஒன்று. வேலை செய்த நேரம் அதிகமென்றால் ஆளோ, ஆயுதமோ, மெஷினின் அமைப்போ காரணமாக இருக்கலாம். காத்திருந்த நேரம் அதிகமென்றால் சாவி, சாமான், உத்தரவு இவற்றில் ஏதோ ஒன்று தாமதம். இரண்டுக்கும் மருந்து வேறு.

இங்கே ஒரு தவறு செய்யப் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறோம். எல்லா மெஷினும் நின்ற நேரத்தைக் கூட்டி, "தொழிற்சாலை மொத்தம் இத்தனை மணி நேரம் நின்றது" என்று எழுதப் பார்த்தோம். அது பொய்க் கணக்கு. சல்லடை நான்கு மணி நேரம் நின்றால், காய்ந்த தேயிலை குவியலில் இருக்கும், நாளை சலிக்கலாம். டிரையர் விசிறி ஒரு மணி நேரம் நின்றால் அப்படியில்லை. அரைத்த கொழுந்து புளிக்க வைத்த இடத்தில் கிடந்து மேலும் புளித்துக்கொண்டே போகும். அதை நிறுத்த டிரையர் சூட்டைத் தவிர வேறு வழியில்லை. நேரம் தாண்டிவிட்டால் சுவையில் உயிர் போய்விடும். விசிறி முழுதாக நிற்காமல் பெல்ட் வழுக்கி மெதுவாகச் சுற்றினாலும் கெடுதல்தான். காற்று குறைந்து, டிரையரிலிருந்து வெளியேறும் காற்றின் சூடு ஏறத்தாழ 50 பாகைக்குக் கீழே இறங்கினால், தேயிலை காய்வதற்குப் பதிலாக ஈரத்திலேயே வேகத் தொடங்கும். விசிறி நின்றால் அடுப்பில் விறகு போடுவதை உடனே நிறுத்தி நெருப்பை இழுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் சூட்டை எடுத்துப் போகக் காற்றில்லாமல் அடுப்புக் குழாய்கள் கெட்டுவிடும்.

அதனால் மொத்தக் கூட்டலை விட்டுவிட்டு, அந்த 9 தடவையில் எத்தனை தடவை கொழுந்து நேரம் தாண்டிக் கிடந்தது என்று மட்டும் பார்த்தோம். டீமேக்கரின் குறிப்பில் 4 தடவை அப்படி இருந்தது. மற்ற 5 தடவையும் கொழுந்து குறைவாக இருந்ததால் இரண்டாம் டிரையர் தாங்கிக்கொண்டது. விலை இறங்கிய அந்தத் தேயிலை எந்த நாளில் செய்தது என்று பார்த்தோம். அந்த நான்கில் ஒரு இரவு அது. அதனால்தான் விலை இறங்கியது என்று நாங்கள் எழுதவில்லை, அதை ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு தேதியையும் பக்கத்தில் எழுதி வைத்தோம், அவ்வளவுதான். ஆனால் தாய்மார்களே, அன்றைக்கு மலையில் உங்கள் மேல் விழுந்த சத்தத்துக்குக் கொழுந்தைத் தவிர வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்பதற்கு அந்த இரண்டு தேதிகளும் சாட்சி.

மூன்றாவது சாமான் கணக்கு. எங்களுக்கு மிகவும் வலித்த இடம் இதுதான். சாமான் அறைப் புத்தகத்தில் முதலாம் டிரையர் பெயரில் 9 பெல்ட்டுகள் கொடுத்ததாக இருந்தது. ரிப்பேர்ப் புத்தகத்தில் மாட்டியதாக 6தான் இருந்தது. 3 பெல்ட் எங்கே? திருட்டு என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. எங்களில் சிலர், இதை எழுத வேண்டாம், விட்டுவிடுவோம் என்றார்கள். அப்படி விட்டால் அந்தப் பேச்சு எப்போதும் எங்கள் மேலேயே இருக்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தேடினோம். இரண்டு பெல்ட்டுகள் விசிறி உறைக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. இரவில் மறுபடி சாவிக்கு ஓட முடியாது என்று, சாவி வந்த ஒரு நாளில் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பெல்ட் சல்லடையில் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு அங்கே மாட்டியதை யாரும் புத்தகத்தில் எழுதவில்லை. கொடுத்தது 9, மாட்டியது 6, கையிருப்பு 2, வேறு மெஷினில் 1. கணக்கு நேராகிவிட்டது.

கொடுத்த சாமான், மாட்டிய சாமான், மீதி என்று மூன்றையும் எழுதாமல், "பெல்ட் 9 செலவு" என்று மட்டும் எழுதினால், அடுத்த மாதம் தேவைக்கு அதிகமாகப் பெல்ட் வாங்குவார்கள். அல்லது யார் மேலாவது பழி போடுவார்கள்.

இனி முக்கியமான இடம். ஒன்பது பழுதையும் நாள் வரிசையில் எழுதிப் பார்த்தபோது ஒரு வரிசை தெரிந்தது. முதல் வாரம் பெல்ட் அறுந்தது. இரண்டாம் வாரம் வழுக்கியது, இழுத்து முறுக்கினோம். நான்காம் வாரம் மறுபடி அறுந்தது. ஐந்தாம் வாரம் பெயாரிங் சூடு. ஆறாம் வாரம் அறுந்தது. எட்டாம் வாரம் வழுக்கியது, மறுபடி முறுக்கினோம். ஒன்பதாம் வாரம் அறுந்தது. பத்தாம் வாரம் பெயாரிங்கையே மாற்ற வேண்டி வந்தது. பன்னிரண்டாம் வாரம் மறுபடி பெல்ட். இரண்டு தடவையும் முறுக்கிய பிறகு இரண்டு மூன்று வாரத்தில் பெயாரிங் சூடாகியிருக்கிறது.

பிட்டர் அண்ணன் இதைப் பார்த்ததும், "பெயாரிங்கை நாம்தான் கொன்றிருக்கிறோம்" என்றார். பெல்ட் வழுக்கினால் முறுக்குகிறோம். அளவுக்கு மேல் முறுக்கினால் பெயாரிங்கின் மேல் பாரம் ஏறிச் சூடாகும். ஆனால் பெல்ட் ஏன் வழுக்கியது? புத்தகத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஐந்து தடவையும் அறுந்த பெல்ட்டை மட்டுமே மாற்றியிருக்கிறோம், பெரும்பாலும் ஒன்று. மூன்றில் ஒன்று புதிது, இரண்டு பழசு. பழைய பெல்ட்டுகள் நீண்டு தளர்ந்திருக்கும். அப்போது பாரம் முழுவதும் புதிய ஒன்றின் மேல் விழும், அது சீக்கிரம் அறும். மூன்று பெல்ட் சேர்ந்து ஓடுமிடத்தில் மூன்றையும் ஒரே அளவில், ஒரே நேரத்தில்தான் மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு விசிறியைத் திறந்து பார்த்தோம். மோட்டார் புல்லியின் பள்ளத்தின் அடிப்பக்கம் கண்ணாடி போல மினுங்கியது. நல்ல புல்லியில் பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டு ஓடும், அடியில் தொடாது. அடி மினுங்குகிறது என்றால் பக்கச் சுவர் தேய்ந்து, பெல்ட் கீழே இறங்கி அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே பிடிப்பு இருக்காது. எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். இரண்டு புல்லிக்கும் குறுக்கே நூல் பிடித்துப் பார்த்தோம், நேராகத்தான் இருந்தன. ஆகவே கோணல் இல்லை, தேய்மானம்தான். மூன்று மாதமாக நாங்கள் பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருந்தோம், கெட்டுப்போயிருந்தது புல்லி.

இப்போது முகாமையாளருக்கு எழுதிய பக்கத்தை வாசிக்கிறோம். எழுதும்போது ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டோம். இதை வாசித்ததும் அவர் என்ன தீர்மானிக்க வேண்டும்?

"மூன்று மாத ரிப்பேர்ப் புத்தகத்தின் சுருக்கம். மொத்தப் பதிவு 64. கரண்ட் கட் 11, வழக்கமான வேலை 14, பழுது 39.

திரும்பத் திரும்ப வந்த பழுது: முதலாம் டிரையர் விசிறி 9 தடவை. அடுத்தது வாட்டும் தொட்டி விசிறி மோட்டார் 5, சல்லடை வலை 4.

நின்ற நேரம்: முதலாம் டிரையர் விசிறி 12 மணி 20 நிமிடம். இதில் இரவில் சாவிக்குக் காத்திருந்தது 4 மணி 10 நிமிடம். அரைத்த கொழுந்து நேரம் தாண்டிக் கிடந்தது 4 தடவை, தேதிகள் கீழே.

சாமான்: பெல்ட் கொடுத்தது 9, மாட்டியது 6, கையிருப்பு 2, சல்லடையில் 1. பெயாரிங் 1.

பார்த்தது: மோட்டார் புல்லியின் பள்ளம் தேய்ந்து அடி மினுங்குகிறது. பெல்ட் தனித்தனியாக மாற்றப்பட்டுள்ளது.

கேட்பது: புதிய புல்லி ஒன்று, ஒரே அளவான பெல்ட் மூன்று. இரவு வேலைக்கு ஒரு தொகுதி பெல்ட்டும் சாவியும் தொழிற்சாலைக்குள் இருக்க வேண்டும்.

தெரியாதது: 6 பதிவுகளில் நேரம் எழுதப்படவில்லை, அவை நேரக் கணக்கில் சேரவில்லை, எல்லாம் மற்ற மெஷின்கள். வாட்டும் தொட்டி மோட்டார் நிற்கும் காரணம் புத்தகத்தில் இல்லை.

எங்கள் தவறு: பெல்ட் மாற்றிய பிறகு இரண்டு தடவை பாதுகாப்பு மூடியை மறுபடி போடவில்லை."

கடைசி வரியை எழுத வேண்டுமா என்று நீண்ட நேரம் பேசினோம். ஓடும் பெல்ட்டுக்கு மூடி இருக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் உள்ள விஷயம். அது எங்கள் கையையும் சேலையையும் காப்பாற்ற இருக்கும் மூடி. அடிக்கடி கழற்ற வேண்டி வந்ததால் போடாமல் விட்டோம். அது காரணம்தான், ஆனால் தவறும் தவறுதான். மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை மட்டும் மறைத்தால், முழுப் பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதினோம்.

முகாமையாளர் அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே வாசித்தார். சாவிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அந்த மூன்று இரவையும் தானே சரிபார்த்தார். எங்களிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பெல்ட் பற்றிய பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை. புல்லியும் மூன்று பெல்ட்டும் மூன்றாவது வாரத்தில் வந்தன. இரவுச் சாமானுக்குப் பூட்டோடு ஒரு பெட்டி தொழிற்சாலைக்குள் வைத்தார்கள். சாவி இரவு வேலைக்குப் பொறுப்பானவரிடம் இருக்கும், எடுத்தால் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதத்தில் அந்த விசிறிக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. புதுப் பெல்ட் ஓடித் தளர்ந்ததும் இரண்டாம் நாள் கொஞ்சம் முறுக்கியது. அது பழுது இல்லை, செய்ய வேண்டிய வேலை.

வாட்டும் தொட்டி மோட்டார் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்க எங்களிடம் போதிய குறிப்பு இல்லை. நிற்கும்போது மோட்டார் சூடாக இருந்ததா, தொட்டியில் கொழுந்து எவ்வளவு உயரம் இருந்தது, அன்றைக்குக் கரண்ட் ஏறி இறங்கியதா என்று யாரும் எழுதவில்லை. ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சுருக்கம் காரணத்தைக் கண்டுபிடிக்காது. எந்த மெஷினைத் திறந்து பார்க்க வேண்டும் என்றுதான் காட்டும். ஐந்து தடவை நடந்ததை வைத்து, இதுதான் காரணம் என்று நாங்கள் அடித்துச் சொல்லியிருந்தால் அடுத்த தடவை எங்கள் பேச்சு எடுபடாது.

அதனால் இப்போது புத்தகம் எழுதும் முறையை மாற்றியிருக்கிறோம். நேரத்துக்கு முன்பு இரண்டு கட்டம், இப்போது மூன்று. நின்ற நேரம், கை வைத்த நேரம், ஓடிய நேரம். பழுது என்ற கட்டத்தில் உறுப்பின் பெயர் முதலில். சாமான் என்ற கட்டத்தில் மாட்டியது எத்தனை, மீதி எங்கே என்று இரண்டும். இவ்வளவுதான் மாற்றம். ஒரு பதிவு எழுத முன்பைவிட ஒரு நிமிடம்தான் கூடுதல். மாதக் கடைசியில் இரண்டு பேர் ஒரு மாலை உட்கார்ந்தால் சுருக்கம் தயாராகிவிடுகிறது. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். தனியாகச் செய்தால் வரி தவறும்.

உங்கள் தோட்டங்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். புத்தகத்தை எடுக்கும் முன் அதை எழுதியவர்களிடம் பேசுங்கள். "நீ ஏன் நேரம் எழுதவில்லை?" என்று கேட்டால், அடுத்த மாதம் அவர் எதுவும் எழுத மாட்டார். "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார். எங்களுக்கு "பேன் நின்றது" என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு பெல்ட் அறுந்த கதை இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

அந்தத் தம்பி இப்போது புத்தகத்தில் தன் வரியை எழுதி முடித்ததும், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டுகிறார். அவருக்குப் புரிந்தால்தான் கையெழுத்து வைக்கிறார்.